பெட்டியில் இலைப் பச்சை, போனில் கிளிப் பச்சை: டீத்தூள் படத்தின் நிறம் எங்கே மாறுகிறது?

நீலகிரி மாவட்டம் மஞ்சூர் பக்கம் இருக்கிற பிக்கட்டியில் தேயிலைதான் எல்லாம். பசுந்தேயிலையை ஃபேக்டரிக்குக் கொடுத்துவிட்டு விலைக்காகக் காத்திருந்த காலம் போய், டீத்தூளை நேரடியாக ஆன்லைனில் விற்க நினைக்கும் சிறு வியாபாரிகள் இப்போது மலையெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கால் கிலோ டீத்தூளை அட்டைப்பெட்டியில் போட்டு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் முன்பக்கம் முழுக்கப் பச்சை. நடுவில் ஊர்ப் பெயர், கீழே ஒரு தோட்டத்துப் படம். கோவையில் டிசைன், சிவகாசியில் அச்சு. பெட்டி கைக்கு வந்தபோது எந்தக் குறையும் இல்லை.

அச்சுக்குப் போன அதே ஜேபெக் ஃபைலைத்தான் அவர் விற்பனைத் தளத்திலும் ஏற்றினார். போனில் திறந்து பார்த்தால் பெட்டியின் பச்சை பளீரென்று கிளிப் பச்சையாக, ராத்திரியில் ஒளிரும் கடை போர்டு போல இருக்கிறது. "அண்ணே, பச்சை என்ன இப்படி கண்ணைக் குத்துது?" என்று டிசைனரைக் கேட்டால், "என் சிஸ்டத்துல சரியாத்தானே தெரியுது, உங்க போன்தான் அப்படி" என்பார். இரண்டு பேர் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் சென்னையில் ஆர்டர் போட்ட வாடிக்கையாளருக்குப் போய்ச் சேருவது அடர் பச்சைப் பெட்டி. "நான் பார்த்தது வேற, வந்தது வேற. இது டூப்ளிகேட்டா?" என்று அவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது பிக்கட்டிக்காரர்தான்.

இது போனின் கோளாறு இல்லை. அச்சுக்கான சிஎம்ஒய்கே படம் திரைக்கான எஸ்ஆர்ஜிபி படமாக மாறும்போது நடக்கும் ஒரு கணக்குப் பிழை. சரி செய்ய ஐந்து நிமிடம் போதும். ஆனால் பிழை எந்த இடத்தில் நடக்கிறது என்று தெரியாவிட்டால், டிசைனரும் வியாபாரியும் மாற்றி மாற்றி ஃபைல் அனுப்பியே மாசம் ஓடிவிடும்.

மையும் வெளிச்சமும்

அச்சு இயந்திரத்தில் நான்கு மைகள்: சயான் என்கிற நீலப் பச்சை, மெஜந்தா என்கிற கருஞ்சிவப்பு ரோஸ், மஞ்சள், கறுப்பு. வெள்ளை அட்டையில் விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை ஒவ்வொரு மையும் விழுங்கிக்கொள்ளும். மிச்சம் திரும்பி வருவதைத்தான் நிறமாகப் பார்க்கிறோம். திரையில் கதையே வேறு. அங்கே விழுங்குவது எதுவும் இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று விளக்குகள் 0 முதல் 255 வரை கூடவோ குறையவோ எரிகின்றன.

நம் டீத்தூள் பெட்டியின் பச்சைக்கு டிசைனர் கொடுத்த அளவு சயான் 75, மஞ்சள் 100 என்று வைத்துக்கொள்வோம். மெஜந்தாவும் கறுப்பும் பூஜ்யம். இலைப் பச்சை வேண்டும் என்றால் பலரும் எடுக்கிற கலவைதான் இது. இதைத் திரைக்கு மாற்ற ஒரு சின்ன வாய்ப்பாடு உண்டு. சயான் சிவப்பு வெளிச்சத்தை மட்டும் விழுங்கும், மஞ்சள் நீல வெளிச்சத்தை மட்டும் விழுங்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது.

```
R = 255 × (1 − C) × (1 − K) = 255 × 0.25 = 64
G = 255 × (1 − M) × (1 − K) = 255 × 1    = 255
B = 255 × (1 − Y) × (1 − K) = 255 × 0    = 0
```

விடை 64, 255, 0. பச்சை விளக்கு முழு வேகத்தில் எரிகிறது. கண்ணைக் குத்துகிறதே, அந்தப் பச்சை இதுதான்.

கணக்கில் தப்பில்லை, மையைப் பற்றிய நினைப்பில்தான் தப்பு. அசல் சயான் மை சிவப்பு வெளிச்சத்தோடு நிற்காது. பச்சையிலும் கொஞ்சம் கை வைக்கும், நீலத்திலும் கொஞ்சம் கை வைக்கும். மஞ்சள் மையும் அவ்வளவு சுத்தமில்லை. அட்டையின் வெள்ளையும் திரையின் வெள்ளை அல்ல. இதையெல்லாம் உண்மையில் அச்சடித்து, கருவி வைத்து அளந்து, அட்டவணையாக எழுதி வைத்திருப்பதைத்தான் நிற புரொஃபைல் என்கிறோம். 'இன்ன இயந்திரத்தில், இன்ன காகிதத்தில், இந்த அளவு மை போட்டால் கண்ணுக்கு இப்படித் தெரியும்' என்று சொல்கிற ஒரு சின்ன ஃபைல் அது. படத்துக்கு உள்ளேயே ஒட்டிக்கொண்டு போகும். இதற்கான பொது வடிவத்தை 1993-இல் தொடங்கப்பட்ட ஐசிசி என்ற சர்வதேச அமைப்பு வகுத்தது.

அதே சயான் 75, மஞ்சள் 100-ஐ ஐரோப்பிய ஆஃப்செட் அச்சுக்கான `Coated FOGRA39` புரொஃபைல் வழியாக மாற்றினால் கிடைப்பது 58, 170, 53. இலைப் பச்சை என்று நாம் சொல்வதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அமெரிக்க அச்சுக்கான `U.S. Web Coated (SWOP) v2` வழியாக மாற்றினால் 57, 181, 74. இதுவும் நம்பும்படியான பச்சைதான், ஆனால் கொஞ்சம் வெளிர், கொஞ்சம் நீலம் ஏறியது. மை அளவு ஒன்றுதான், விடை மட்டும் மூன்று. அதாவது 'சயான் 75' என்பது தனியாக ஒரு நிறமே இல்லை, அது ஒரு மிக்ஸிங் குறிப்பு மட்டும். எந்த அட்டை, எந்த மை என்று புரொஃபைல் சொன்ன பிறகுதான் அது நிறமாகிறது.

(அமெரிக்கப் புரொஃபைலின் பெயரில் `Web` என்று இருப்பதைப் பார்த்து, 'இது வெப்சைட்டுக்கானது போல' என்று அதையே தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. அந்த வெப், காகிதச் சுருளில் ஓடும் வெப் ஆஃப்செட் இயந்திரம். இணையத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.)

திரைப் பக்கத்தில் இந்தக் குழப்பம் குறைவு. 1996-இல் எச்.பி. நிறுவனமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து முன்வைத்த எஸ்ஆர்ஜிபி, 1999-இல் சர்வதேசத் தரமானது. புரொஃபைல் ஒட்டாத ஆர்ஜிபி படம் வந்தால் ப்ரௌசர்கள் அதை எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்கின்றன. அதனால்தான் இணையத்துக்குப் போகும் படத்தை எஸ்ஆர்ஜிபி-க்கு மாற்று என்கிறார்கள். அது உசத்தியான நிறவெளி என்பதற்காக அல்ல, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளப்படுவது அதுதான் என்பதற்காக.

மாற்றுவது யார்?

'நான் எதையும் மாற்றவில்லையே, அப்படியே ஏற்றினேன்' என்று வியாபாரி சொல்லலாம். அவர் மாற்றவில்லை, சரி. வேறு யாரோ மாற்றிவிட்டார்கள். திரையில் மை கிடையாது. எனவே சிஎம்ஒய்கே படம் கண்ணில் தெரிய வேண்டும் என்றாலே வழியில் எங்கோ ஒரு மாற்றம் நடந்தாக வேண்டும். ஜேபெக் ஃபைலில் சிஎம்ஒய்கே-வை வைக்க இடம் உண்டு. பிஎன்ஜி, வெப்பி இரண்டிலும் அதற்கு இடமே இல்லை. விற்பனைத் தளங்கள் ஏற்றிய படத்தைச் சிறிதாக்கி வெப்பியாக மாற்றிக்கொள்வது வழக்கம். அந்த வேலையைச் செய்யும் சர்வர் நிரல், படத்தோடு வந்த புரொஃபைலைப் படித்தால் பிழைத்தோம். படிக்காமல் மேலே பார்த்த வாய்ப்பாட்டைப் போட்டால் கிளிப் பச்சைதான். டிசைனரின் போட்டோஷாப் புரொஃபைலைப் படிக்கிறது, அதனால் அவர் சிஸ்டத்தில் சரியாகத் தெரிகிறது. இருவர் சொல்வதும் பொய்யில்லை என்றது இதனால்தான்.

சில நேரம் படம் போட்டோ நெகட்டிவ் போலத் தலைகீழாக வரும், வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும். போட்டோஷாப் சிஎம்ஒய்கே ஜேபெக்கில் மை அளவுகளைத் திருப்பி எழுதும் பழக்கம் உடையது. அது தெரியாத நிரல் படத்தைத் திறந்தால் இப்படி ஆகும். பார்த்ததுமே இது சிஎம்ஒய்கே ஃபைல் என்று முடிவு கட்டிவிடலாம்.

ஆக, மாற்றத்தை யாரோ செய்யத்தான் போகிறார்கள். முன்பின் தெரியாத சர்வரிடம் விடாமல், ஏற்றுவதற்கு முன் நாமே செய்துவிடுவது நல்லது.

அசைன் அல்ல, கன்வர்ட்

முதலில் ஃபைல் எந்த வகை என்று பார்க்க வேண்டும். போட்டோஷாப்பில் திறந்தால் மேலே பெயரோடு `CMYK/8` அல்லது `RGB/8` என்று இருக்கும். போட்டோஷாப் இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் இமேஜ்மேஜிக் போதும்.

```
magick identify -format "%[colorspace] %[profile:icc]" petti.jpg
```

`CMYK` என்ற சொல்லும் பக்கத்தில் ஒரு புரொஃபைல் பெயரும் வந்தால் வேலை எளிது. புரொஃபைல் பெயர் காலியாக இருந்தால் கொஞ்சம் துப்பறிய வேண்டும், அதற்குப் பிறகு வருவோம்.

போட்டோஷாப்பின் `Edit` மெனுவில் `Assign Profile`, `Convert to Profile` என்று இரண்டு இருக்கின்றன. பெயர் கிட்டத்தட்ட ஒன்று போல இருந்தாலும் வேலை நேர் எதிர். முதலாவது எண்களைத் தொடாது, 'இந்த எண்களை இனி இப்படிப் படி' என்று லேபிளை மட்டும் மாற்றும். அதனால் நிறம் மாறிவிடும். இரண்டாவது எண்களை மாற்றி நிறத்தைக் காப்பாற்றும். டீத்தூள் டப்பாவில் காப்பித்தூள் என்று ஸ்டிக்கர் ஒட்டுவது முதல் வகை என்று வைத்துக்கொள்ளலாம். இணையத்துக்கு வேண்டியது இரண்டாவது.

`Convert to Profile` திறந்ததும், போய்ச்சேரும் இடமாக `sRGB IEC61966-2.1` கொடுக்க வேண்டும். அதன் கீழே `Intent` என்ற இடத்தில் `Relative Colorimetric` வைத்து, `Use Black Point Compensation` பெட்டியை டிக் செய்ய வேண்டும். அச்சின் கறுப்பு திரையின் கறுப்பு அளவுக்கு இருட்டாக இருக்காது. இந்த டிக் இல்லாவிட்டால் கறுப்புப் பகுதிகள் எல்லாம் மஞ்சூர் மூடுபனி படிந்த மாதிரி வெளிறிவிடும். பல லேயர் உள்ள ஃபைல் என்றால் அதன் நகல் ஒன்றை எடுத்து, லேயர்களை ஒன்றாக்கிய பிறகுதான் மாற்ற வேண்டும். ஒன்றன் மேல் ஒன்று கலக்கும் லேயர்கள் மையில் ஒரு மாதிரியும் வெளிச்சத்தில் வேறு மாதிரியும் கலக்கும். தங்க நிறத்துக்குத் தனி மை, அதாவது ஸ்பாட் கலர் போட்டிருந்தால், அது தனிச் சேனலில் உட்கார்ந்திருக்கும். அதைச் சேர்க்காமல் ஜேபெக் எடுத்தால் தங்க எழுத்து மொத்தமாகக் காணாமல் போகும்.

கடைசியாக `Export As` வழியாகச் சேமிக்கும்போது `Embed Color Profile` டிக் இருக்கட்டும்.

போட்டோஷாப் இல்லாதவருக்கு இதே வேலை ஒரே வரியில் முடியும்.

```
magick petti.jpg -intent Relative -black-point-compensation \
  -profile sRGB.icc petti-web.jpg
```

படத்தில் ஏற்கெனவே ஒரு புரொஃபைல் ஒட்டியிருந்தால் இது போதும், அதிலிருந்து எஸ்ஆர்ஜிபி-க்கு மாறிவிடும். ஒட்டாத படத்துக்கு மட்டும், மூலம் எது என்று முதலில் சொல்ல வேண்டும்.

```
magick petti.jpg -intent Relative -black-point-compensation \
  -profile ISOcoated_v2_eci.icc -profile sRGB.icc petti-web.jpg
```

புரொஃபைல் இருக்கிற படத்துக்கு இந்த இரண்டாவது வரியைக் கொடுத்தால் படம் முதலில் ஒரு மையிலிருந்து இன்னொரு மைக்கும், பிறகு திரைக்கும் என்று இரண்டு தடவை மாறும். பெரிய விபத்து இல்லை, ஆனால் தேவையில்லாத சேதம்.

இங்கே நிறைய பேர் சறுக்குவது `-colorspace sRGB` என்ற கட்டளையில். பெயரைப் பார்த்தால் இதுதான் வேண்டியது போலத் தோன்றும். ஆனால் அது புரொஃபைலைக் கண்டுகொள்ளாமல் அந்தப் பழைய வாய்ப்பாட்டைத்தான் போடுகிறது. அதுமட்டுமில்லை, அச்சுப் புரொஃபைலின் லேபிள் ஆர்ஜிபி ஆகிவிட்ட ஃபைலிலேயே ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். `-strip` என்ற கட்டளையும் அப்படித்தான். ஃபைல் அளவைக் குறைக்க நல்லது என்று சொல்லிக்கொடுப்பார்கள், ஆனால் மாற்றுவதற்கு முன் போட்டால் புரொஃபைலையே பிய்த்து எறிந்துவிடும்.

புரொஃபைல் இல்லாத ஃபைல்

இப்போது அந்தக் காலியான பெயருக்கு வருவோம். கைமாறிக் கைமாறி வரும் ஃபைல்களில் புரொஃபைல் இல்லாமல் இருப்பது சகஜம். முதல் வேலை, டிசைனரிடம் கேட்பது. 'ஃபைலை எந்த சிஎம்ஒய்கே செட்டிங்கில் செய்தீர்கள்' என்று கேட்டால் போதும். பெரும்பாலும் போட்டோஷாப் நிறுவியபோது என்ன இருந்ததோ அதுவேதான் இருக்கும். அமெரிக்க செட்டிங் என்றால் `SWOP`, ஐரோப்பிய செட்டிங் என்றால் `FOGRA39`. கேட்கும்போதே ஃபைலை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்வது நல்லது. போட்டோவாக வந்தால் வழியிலேயே அமுக்கப்பட்டு வேறு ஃபைலாகிவிடும்.

பதில் கிடைக்கவில்லை என்றால் பெட்டியே சாட்சி. இரண்டு புரொஃபைல் வழியாகவும் மாற்றி, இரண்டு படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அச்சான பெட்டியை ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். எது நெருங்குகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். வீட்டு பல்ப் வெளிச்சத்தில் இதைச் செய்யக் கூடாது, மஞ்சள் பல்பில் எந்தப் பச்சையும் பழுத்துவிடும். மேகம் அடைத்த நாளில் வெளிச்சம் நீலம் ஏறி இருக்கும் என்பதால், பிக்கட்டி மாதிரி ஊரில் வெயில் வரும் வரை காத்திருப்பது உத்தமம். போனிலும் `Vivid` போன்ற டிஸ்ப்ளே செட்டிங்கை இயல்புக்கு மாற்றிக்கொண்டு பார்க்க வேண்டும்.

அட்டைப்பெட்டிக்கு இந்த வழி நன்றாக ஒத்துவரும், ஏனென்றால் அது பூச்சுள்ள அட்டையில் ஆஃப்செட்டில் அச்சானது. அந்தப் புரொஃபைல்கள் அளக்கப்பட்டதும் பூச்சுள்ள காகிதத்தில் ஆஃப்செட் அச்சை வைத்துத்தான். பளபளக்கும் பிளாஸ்டிக் பவுச்சுகள் பெரும்பாலும் கிராவியர் முறையில் அச்சாகின்றன. மை வேறு, மேற்பரப்பும் வேறு. அங்கே எந்த ஆஃப்செட் புரொஃபைலும் ஒரு உத்தேசம்தான். பவுச் விற்பவர்கள், வேலை முடிந்த பவுச்சை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்துப் போடுவதே மேல்.

சரியா என்று எப்படித் தெரியும்?

கண்ணை நம்ப வேண்டாம், எண்ணைப் பார்க்கலாம். மாற்றிய படத்தை ஏதாவது ஒரு பட மென்பொருளில் திறந்து, கலர் பிக்கரால் பெட்டியின் தட்டையான பச்சையைத் தொட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 58, 170, 53-க்குப் பக்கத்தில் வந்தால் சரி. ஜேபெக் அமுக்கத்தில் ஒன்றிரண்டு எண் முன்பின் இருக்கலாம். 64, 255, 0 வந்தால் வாய்ப்பாடு புகுந்துவிட்டது. தளத்தில் ஏற்றிய பிறகு அங்கிருந்தே படத்தை இறக்கி இதையே இன்னொரு முறை செய்தால், தளம் கை வைத்ததா என்பதும் தெரிந்துவிடும்.

சிவப்புப் பெட்டி என்றால் பார்க்க வேண்டிய எண் வேறு. மெஜந்தா 100, மஞ்சள் 100 என்ற சிவப்பு, `FOGRA39` வழியாக 227, 6, 19 ஆகும். வாய்ப்பாட்டில் 255, 0, 0. வித்தியாசம் பச்சை அளவுக்குக் கண்ணில் படாது. பச்சைப் பெட்டிக்காரர்கள் புலம்பும்போது சிவப்புப் பெட்டிக்காரர்கள் 'எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே' என்பது இதனால்தான்.

கறுப்பில் ஒரு சின்ன அதிர்ச்சி காத்திருக்கும். கறுப்பு மை மட்டும் 100 போட்ட எழுத்து, ஒழுங்காக மாற்றினால் 0, 0, 0 ஆகாது. `FOGRA39` வழியாக 29, 29, 27 ஆகும். ஒரு மையால் அட்டையை முழு இருட்டாக்க முடியாது என்பதைப் புரொஃபைல் நேர்மையாகச் சொல்கிறது. பெட்டிப் படத்துக்கு அது சரியான விடை. விலையும் எடையும் திரையில் கரேலென்று வேண்டும் என்றால் அதைப் படத்துக்குள் வைக்காமல் தளத்திலேயே எழுத்தாகப் போட்டுவிடலாம்.

மீட்க முடியாதது ஒன்று உண்டு. பெட்டியின் கீழே இருக்கிற அந்தத் தோட்டத்துப் படம். கேமராவில் எடுத்தபோது அது ஆர்ஜிபி. கொழுந்து இலையின் வெளிர் பச்சை அதில் துள்ளலாக இருந்திருக்கும். அச்சுக்காக சிஎம்ஒய்கே ஆக்கியபோது, மையால் எட்ட முடியாத பச்சைகள் எல்லாம் எட்டக்கூடிய மங்கலான பச்சைக்கு இறக்கப்பட்டன. இப்போது அதை எவ்வளவு ஒழுங்காக எஸ்ஆர்ஜிபி-க்கு மாற்றினாலும் இறங்கிய பச்சை திரும்ப ஏறாது. வண்ணத்தைக் கூட்டி ஏற்றப் பார்த்தால் இலையோடு சேர்ந்து மண்ணும், கொழுந்து பறிப்பவர் முகமும் நிறம் மாறும். ஆகவே தளத்தில் தோட்டப் படத்தைத் தனியாகப் போட நினைப்பவர், பெட்டி ஃபைலிலிருந்து அதை வெட்டி எடுக்கக் கூடாது. கேமராவில் இருந்து வந்த அசல் ஃபைலைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து நேராக எஸ்ஆர்ஜிபி-க்குப் போக வேண்டும். டிசைனர் அந்த அசலை இன்னும் அழிக்காமல் வைத்திருந்தால், பெட்டி ஃபைலைக் கேட்டு வாங்கும் அதே போன் காலில் அதையும் கேட்டுவிடலாம்.